ஆண், பெண், குழந்தை உயிரொலிகளை ஒரே வரைபடத்தில் ஒப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவும் மகளும் ஒரே 'ஆ'வைத்தான் சொல்கிறார்கள். வரைபடத்தில் மட்டும் ஏன் இரண்டு புள்ளிகளும் இவ்வளவு தள்ளி விழுகின்றன?

குரல்வளையிலிருந்து உதடு வரை உள்ள குழாயின் நீளம் இருவருக்கும் வேறு என்பதுதான் காரணம். ஒரு முனை மூடி, மறுமுனை திறந்த குழாயில் காற்று சில குறிப்பிட்ட அதிர்வெண்களில் ஓங்கி ஒலிக்கும். அந்த ஓங்கல்களைத்தான் ஃபார்மன்ட் என்கிறோம். கீழிருந்து முதலாவது F1, இரண்டாவது F2. வாய் அகலத் திறந்தால் F1 ஏறும். நாக்கு முன்னே போனால் F2 ஏறும். வழக்கமான உயிரொலி வரைபடம் இந்த இரண்டு எண்களை அச்சுகளாக வைத்துப் போடுவதுதான்.

எங்கும் ஒரே அகலமுள்ள குழாயாக எடுத்துக்கொண்டால் கணக்கு எளிது. ஒலியின் வேகத்தை நீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் முதல் ஃபார்மன்ட் கிடைக்கும். அதன் மூன்று மடங்கு இரண்டாவது, ஐந்து மடங்கு மூன்றாவது. வளர்ந்த ஆணின் குழாய் 17.5 செ.மீ. என்றால், 35000 செ.மீ./நொடி வேகத்தில் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் வரும். குழாய் 12.5 செ.மீ. ஆகச் சிறுத்தால் அதே அசைவற்ற நடுநிலை உயிர் 700, 2100, 3500 ஆகிவிடும். நாக்கு, தாடை, உதடு எதுவும் இடம் மாறவில்லை, ஆனால் எண்கள் எல்லாம் 1.4 மடங்கு ஏறிவிட்டன.

பெண்கள், குழந்தைகள் குரல் கீச்சென்று உயர்ந்திருப்பதால்தானே இந்த வேறுபாடு?

இல்லை. இந்தக் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. குரலின் உயரத்தை, அதாவது சுருதியை, குரல் நாண்கள் எவ்வளவு வேகமாக அதிர்கின்றன என்பது தீர்மானிக்கிறது. ஃபார்மன்ட்டை அதற்கு மேலே உள்ள குழாயின் நீளமும் வடிவமும் தீர்மானிக்கின்றன. 'ஆ' என்று பிடித்துக்கொண்டு சுருதியை மட்டும் ஏற்றி இறக்கிப் பாருங்கள்: சுருதி மாறும், ஆனால் அது 'ஆ'வாகவே இருக்கும். கிசுகிசுத்துப் பேசும்போது நாண்கள் அதிர்வதே இல்லை. அப்போதும் 'ஆ', 'ஈ', 'ஊ' தெளிவாகக் கேட்கின்றன. குழந்தை கிசுகிசுத்தாலும் அதன் ஃபார்மன்ட்கள் பெரியவரைவிட உயரத்தில்தான் இருக்கும்.

சுருதியும் குழாயும் பெரும்பாலும் சேர்ந்தே மாறுகின்றன என்பது உண்மைதான். சிறிய உடலில் நாணும் குட்டை, குழாயும் குட்டை. ஆனாலும் சுருதியை வைத்து ஃபார்மன்ட்டைத் திருத்த முடியாது. கட்டைக்குரல் கொண்ட பெண்களும் மெல்லிய குரல் கொண்ட ஆண்களும் நம்மைச் சுற்றிலும் இருக்கிறார்கள்.

அந்த வேறுபாடு உண்மையில் முடிவைக் கெடுக்கும் அளவுக்குப் பெரியதா?

ஒரு உயிர் இன்னொன்றாகத் தெரியும் அளவுக்குப் பெரியது. இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் தரவு, பீட்டர்சனும் பார்னியும் 1952இல் வெளியிட்டது. அமெரிக்க ஆங்கிலம் பேசிய 33 ஆண்கள், 28 பெண்கள், 15 குழந்தைகள், பத்து உயிர்கள். அதில் ஐந்து உயிர்களை மட்டும் எடுத்து ஆண்கள், குழந்தைகள் சராசரியைக் கீழே தருகிறேன். அவை ஆங்கில உயிர்கள். வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று அருகிலுள்ள தமிழ் எழுத்தை இட்டிருக்கிறேன். 'ஒ' என்று போட்டிருப்பது நம் 'ஒ'வைவிட வாய் அதிகம் திறந்து சொல்வது.

| உயிர் | ஆண் F1 | ஆண் F2 | குழந்தை F1 | குழந்தை F2 |
|---|---|---|---|---|
| ஈ | 270 | 2290 | 370 | 3200 |
| எ | 530 | 1840 | 690 | 2610 |
| ஆ | 730 | 1090 | 1030 | 1370 |
| ஒ | 570 | 840 | 680 | 1060 |
| ஊ | 300 | 870 | 430 | 1170 |

குழந்தையின் 'ஒ'வைப் பாருங்கள்: 680, 1060. ஆணின் 'ஆ' 730, 1090. இரண்டுக்கும் இடையே F1இல் 50, F2இல் 30 ஹெர்ட்ஸ்தான். ஒரே மனிதர் ஒரே சொல்லை இரண்டு தடவை சொன்னால்கூட இவ்வளவு விலகும். ஆனால் ஆணின் 'ஒ'விலிருந்து அதே குழந்தையின் 'ஒ' 110, 220 ஹெர்ட்ஸ் தள்ளி இருக்கிறது. இந்தப் புள்ளிகளை அப்படியே ஒரு தாளில் போட்டுவிட்டு, "குழந்தைகள் 'ஒ'வை 'ஆ'வாக உச்சரிக்கிறார்கள்" என்று எழுதினால் அது முழுக்க முழுக்கத் தவறு. அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அவர்களுடைய குழாய் சிறியது, அவ்வளவுதான்.

அப்படியானால் குழந்தையின் எண்களை ஒரு காரணியால் வகுத்துவிட்டால் போதாதா?

பெரிய அளவுக்குப் போதும். முதலில் செய்து பார்க்க வேண்டியதும் அதுதான். இப்படிக் குழாயால் வரும் வேறுபாட்டை எண்களிலிருந்து நீக்குவதைத்தான் சீராக்குதல் என்கிறோம். நியரி 1978இல் முன்வைத்த மடக்கைச் சராசரி முறையின் உள்ளே இருப்பது இந்த எண்ணமே. ஒருவருடைய எல்லா உயிர்களின் F1, F2 எண்களுக்கும் மடக்கை எடுத்து, மொத்தத்துக்கும் ஒரே சராசரி காண வேண்டும். அதுதான் அவருடைய 'அளவு'. பிறகு ஒவ்வொரு மடக்கை எண்ணிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும். மடக்கையில் கழிப்பது, ஹெர்ட்ஸில் வகுப்பதற்குச் சமம்.

மேலே உள்ள பத்துப் பத்து எண்களுக்குச் செய்தால் ஆணின் மடக்கைச் சராசரி 6.626, குழந்தையின் சராசரி 6.916. வித்தியாசம் 0.290. அதை ஹெர்ட்ஸுக்குத் திருப்பினால் 1.337 மடங்கு. சரி, குழந்தையின் எண்களை 1.337ஆல் வகுப்போம். 'ஒ' 509, 793 ஆகிறது. ஆணின் 'ஒ' 570, 840. 'ஆ' 770, 1025 ஆகிறது. ஆணின் 'ஆ' 730, 1090. 'ஊ' 322, 875 என்று ஆணின் 300, 870க்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறது. தப்பான வீட்டில் இருந்த 'ஒ' தன் வீட்டுக்கு அருகே வந்துவிட்டது. ஒரே ஒரு எண்ணுக்கு இது பெரிய வேலை.

ஆனாலும் மிச்சம் இருக்கிறது, அந்த மிச்சத்துக்குக் காரணமும் இருக்கிறது. பெண்ணின் குழாய் ஆணின் குழாயைச் சீராகச் சுருக்கிய நகல் அல்ல. ஆண்களுக்குப் பருவ வயதில் குரல்வளை கீழிறங்குகிறது. அதனால் தொண்டைப் பகுதி வாய்ப் பகுதியைவிட அதிக விகிதத்தில் நீள்கிறது. எந்த ஃபார்மன்ட் எந்தப் பகுதியைச் சார்ந்திருக்கிறது என்பது உயிருக்கு உயிர் மாறும். ஆகவே பெண்–ஆண் விகிதமும் உயிருக்கு உயிர் மாறும். அதே 1952 தரவில் 'எ'வின் F2 பெண்களுக்கு 2330, ஆண்களுக்கு 1840, அதாவது 1.27 மடங்கு. 'ஒ'வின் F1 590க்கு 570, அதாவது 1.04 மடங்குதான். இந்தச் சீரின்மையைச் சுவீடன் நாட்டு ஒலியியலாளர் குன்னார் ஃபான்ட் 1960களிலேயே விரிவாக எடுத்துக் காட்டினார். இரண்டையும் ஒரே எண்ணால் சரிக்கட்ட முடியாது.

லோபனோவ் முறை என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதில் என்ன செய்கிறார்கள்?

1971இல் லோபனோவ் ரஷ்ய உயிர்களை வைத்து வெளியிட்டது. புள்ளியியல் படித்தவர்களுக்கு உடனே பிடிபடும்: ஒவ்வொரு பேச்சாளருக்கும், ஒவ்வொரு ஃபார்மன்ட்டுக்கும் தனித்தனியாகச் சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுப்பதுதான். அதாவது "இந்த மனிதரின் நடுவிலிருந்து, இந்த மனிதரின் பரவலில் எத்தனை பங்கு தள்ளி?" என்று கேட்கிறோம். ஹெர்ட்ஸ் போய், அலகில்லாத எண் வந்துவிடுகிறது.

நம் ஐந்து உயிர்களில் ஆணின் F1 சராசரி 480, திட்ட விலக்கம் 193. குழந்தைக்கு 640, 261. ஆணின் 'ஒ' (570 − 480) / 193 = 0.47. குழந்தையின் 'ஒ' (680 − 640) / 261 = 0.15. ஆணின் 'ஆ' 1.29. முன்பு குழந்தையின் 'ஒ'வுக்கு ஒட்டினாற்போல இருந்த ஆணின் 'ஆ' இப்போது ஓர் அலகுக்கும் மேல் தள்ளிப்போய்விட்டது. F2இல் இன்னும் அழகு: இருவரின் 'ஒ'வும் −0.84, −0.85. 'ஈ' 1.40, 1.37. 'எ' 0.70, 0.76.

F1, F2 இரண்டுக்கும் தனித்தனி சராசரியும் பரவலும் இருப்பதால் குழாயின் சீரின்மையில் ஒரு பகுதியையும் இது விழுங்கிக்கொள்கிறது. டச்சு உயிர்களில் பல முறைகளை அருகருகே வைத்து 2004இல் வெளியான அடாங்க், ஸ்மிட்ஸ், வான் ஹவுட் ஆய்விலும் லோபனோவ் முறையே முன்னே நின்றது. R மொழியில் எழுதினால் மூன்று வரிதான்:

```r
lob <- function(x) (x - mean(x)) / sd(x)
d$z1 <- ave(d$F1, d$speaker, FUN = lob)
d$z2 <- ave(d$F2, d$speaker, FUN = lob)
```

இவ்வளவு எளிது என்பதாலேயே யோசிக்காமல் ஓட்டிவிடுகிறோம். அடுத்த கேள்வியைக் கவனமாகப் படியுங்கள்.

என் பதிவில் ஒரு குழந்தை 'ஈ' வரும் சொல்லையே சொல்லவில்லை. இருக்கிற நான்கு உயிர்களை வைத்துக் கணக்கிட்டால் என்ன ஆகும்?

வரைபடம் பார்க்க ஒழுங்காகவே இருக்கும், ஆனால் பொய் சொல்லும். இந்த விஷயத்தில் நான் பார்த்த பிழைகளிலேயே அதிகம் நடப்பதும் கண்ணில் படாததும் இதுதான்.

மேலே உள்ள குழந்தையிடமிருந்து 'ஈ'யை எடுத்துவிடுங்கள். 3200 என்ற பெரிய எண் போனதும் F2 சராசரி 1882லிருந்து 1552க்கு இறங்குகிறது. திட்ட விலக்கமும் 963லிருந்து 717க்குச் சுருங்குகிறது. இப்போது குழந்தையின் 'எ' எங்கே? (2610 − 1552) / 717 = 1.48. முன்பு 0.76. ஆணின் 'ஈ'யே 1.40இல்தான் இருக்கிறது! குழந்தை 'எ'வை ஆணின் 'ஈ'யைவிட முன்னே சொல்வதாக வரைபடம் காட்டுகிறது. குழந்தையின் வாயில் எதுவும் மாறவில்லை. கணக்கில் ஒரு வரிசை குறைந்தது, அவ்வளவே.

மருந்து எளிது: ஒப்பிடும் எல்லோருக்கும் ஒரே உயிர்த் தொகுப்பை வைத்தே சராசரியும் பரவலும் காணுங்கள். குழந்தையிடம் 'ஈ' இல்லையென்றால் ஆணின் கணக்கிலிருந்தும் 'ஈ'யை எடுத்துவிடுங்கள். அப்படிச் செய்தால் ஆணின் 'எ' 1.46, குழந்தையின் 'எ' 1.48. இரண்டும் திரும்ப ஒன்றுசேர்ந்துவிட்டன. எண்கள் முன்பிருந்தது போல இருக்காது, ஆனால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

மடக்கைச் சராசரி முறைக்கு இந்த நோய் வராது என்று சிலர் நினைக்கிறார்கள். 'ஈ' போனால் அந்தக் காரணி 1.337லிருந்து 1.312க்குத்தான் மாறுகிறது. 'ஈ'யின் F1 மிகத் தாழ்வு, F2 மிக உயர்வு என்பதால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. ஆனால் 'ஊ'வில் இரண்டுமே தாழ்வு. குழந்தையின் 'ஊ'வை எடுத்தால் காரணி 1.46க்கு எகிறிவிடுகிறது. இருவரிடமிருந்தும் 'ஊ'வை எடுத்தால் 1.32க்குத் திரும்புகிறது. ஆக, மருந்து இங்கும் அதேதான்.

இதே பிழையின் தம்பி ஒன்று உண்டு. இயல்பான பேச்சுப் பதிவில் ஒருவர் 'அ'வை நாற்பது தடவையும் 'ஊ'வை மூன்று தடவையும் சொல்லியிருப்பார். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுத்தால் நடுப்புள்ளி 'அ'வின் பக்கம் சாய்ந்துவிடும். மேலே தந்த மூன்று வரி நிரலும் அதைத்தான் செய்யும். முதலில் உயிர்வாரியாகச் சராசரி எடுத்து, அந்தச் சராசரிகளிலிருந்து நடுவையும் பரவலையும் காணுங்கள். பிறகு அந்த இரண்டு எண்களை வைத்துத் தனித்தனி ஒலிகளைச் சீராக்கலாம்.

சீராக்கினால் அளவெடுப்பில் நேர்ந்த பிழைகளும் சரியாகிவிடுமா?

ஆகாது. பிழை ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி எல்லாப் புள்ளிகளுக்கும் பரவும்.

'ஊ'வில் F1, F2 இரண்டும் நெருங்கியே இருக்கும். மென்பொருள் அவற்றை ஒன்றாக எண்ணிவிட்டால், F2 என்ற இடத்தில் F3 வந்து உட்காரும். 1952 தரவில் குழந்தைகளின் 'ஊ'வுக்கு F3 சராசரி 3260. 1170க்குப் பதில் 3260 விழுந்தது என்று வைத்து லோபனோவ் கணக்கைத் திரும்பப் போட்டேன். 'ஈ' 1.37லிருந்து 0.88க்கும், 'எ' 0.76லிருந்து 0.30க்கும் இறங்கின. தப்பு நடந்தது 'ஊ'வில். பின்னுக்குப் போனதாகத் தெரிவதோ 'ஈ'யும் 'எ'வும். சீராக்கிய பிறகு இந்தப் பிழையைத் தேடினால் தப்பான உயிரைச் சந்தேகிப்பீர்கள். அதனால் ஹெர்ட்ஸில் இருக்கும்போதே ஒவ்வொரு பேச்சாளருக்கும் ஒரு படம் போட்டுக் கண்ணால் பாருங்கள். 'ஊ' ஒன்று 'ஈ'க்குப் பக்கத்தில் கிடந்தால் உடனே அந்த ஒலியைக் கேட்டு, நிறமாலைப் படத்தையும் பாருங்கள்.

பிராட் மென்பொருளில் `Formant ceiling (Hz)` என்ற அமைப்பு இருக்கிறது, பழைய பதிப்புகளில் `Maximum formant (Hz)`. எந்த அதிர்வெண் வரை ஐந்து ஃபார்மன்ட்களைத் தேடுவது என்று அது சொல்கிறது. வழக்கமாக ஆண்களுக்கு 5000, பெண்களுக்கு 5500, சிறு குழந்தைகளுக்கு 8000. குழந்தையின் ஒலிக்கு 5000 வைத்தால் அந்த எல்லைக்குள் மூன்று நான்கு ஃபார்மன்ட்தான் உண்மையில் இருக்கும். மென்பொருள் எப்படியாவது ஐந்தைக் காட்ட முயன்று, இல்லாததை உருவாக்கும். ஆண்களையும் குழந்தைகளையும் ஒரே அமைப்பில் அளந்துவிட்டுப் பிறகு சீராக்குவது, கோணல் அளவுகோலால் அளந்த துணியை அழகாகத் தைப்பது போல.

குழந்தைகளிடம் இன்னொரு தொல்லையும் உண்டு. சுருதி 300 ஹெர்ட்ஸ் என்றால் குரலில் ஆற்றல் இருப்பது 300, 600, 900 என்ற புள்ளிகளில் மட்டும். உண்மையான F1 370 என்றால் அது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கிடக்கிறது. கருவி பெரும்பாலும் அருகிலுள்ள புள்ளியின் பக்கம் இழுபடும். ஒரு குழந்தையின் F1 அளவுகள் எல்லாம் சுருதியின் மடங்குகளையே ஒட்டி வந்தால், நீங்கள் அளந்தது குழாயை அல்ல, நாணை.

அமெரிக்க ஆங்கிலத்தில் எல்லாம் சரி, நான் ஒப்பிடுவது பேச்சுக் குறைபாடு உள்ளவர்களை. அவர்களுக்கும் லோபனோவையே பயன்படுத்தலாமா?

உயிர்ப்பரப்பு சுருங்கியிருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், பயன்படுத்தாதீர்கள். திட்ட விலக்கத்தால் வகுப்பதன் பொருளே எல்லோருடைய பரவலையும் ஒன்றாக்குவது. நாக்கு அசைவு குறைந்து, எல்லா உயிர்களும் நடுவை நோக்கி நெருங்கிய ஒருவரின் பரப்பை இந்த முறை இழுத்து விரித்து, மற்றவர்களுடையதைப் போலவே ஆக்கிவிடும். நீங்கள் தேடிய நோய்க்குறி கணக்கிலேயே கரைந்துபோகும். "வேறுபாடு இல்லை" என்று முடிவும் வரும்.

இந்த இடத்தில் மடக்கைச் சராசரி முறை நல்லது. அது மொத்த அளவை மட்டுமே எடுக்கிறது. பரவலைத் தொடுவதில்லை. 1.337ஆல் வகுத்த பிறகும் சுருங்கிய பரப்பு சுருங்கியே தெரியும். மெதுவாகவும் தெளிவாகவும் வாசித்த பேச்சை வேகமான உரையாடலோடு ஒப்பிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். அங்கும் பரவல்தான் செய்தி.

நம் காதுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லையே, குழந்தை பேசினால் நேரடியாகப் புரிகிறதே?

காதும் ஏதோ ஒரு வகையில் பேசுபவரை வைத்தே உயிரை எடைபோடுகிறது. லேடிஃபோகட்டும் பிராட்பென்ட்டும் 1957இல் செய்த சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. செயற்கையாகத் தயாரித்த ஒரு வாக்கியம், அதன் பின்னே ஒரு சோதனைச் சொல். சொல்லில் எதையும் மாற்றவில்லை. முன்னே வரும் வாக்கியத்தின் F1ஐ மட்டும் கீழே இறக்கினார்கள். 'பிட்' என்று கேட்ட அதே சொல் இப்போது 'பெட்' என்று கேட்டது. வாக்கியத்தின் F1 தாழ்ந்ததும், ஒப்பீட்டில் சொல்லின் F1 உயர்ந்ததாகப் பட்டிருக்கிறது. காது செய்வதும் லோபனோவ் செய்வதும் ஒன்றே என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. நம் கணக்குகள் ஆய்வுக் கருவிகள். மூளையின் வழிமுறைக்கு அவை வரைபடம் அல்ல.

பார்க் அளவை வைத்து, F3ஐக் கொண்டு சீராக்கும் முறையும் இருக்கிறதாமே?

இருக்கிறது. சிர்தல், கோபால் இருவரும் 1986இல் முன்வைத்த வழி அந்த வகை. ஹெர்ட்ஸைக் காது உணரும் பார்க் அலகுக்கு மாற்றி, ஃபார்மன்ட்களுக்கு இடையிலான வித்தியாசங்களை எடுக்கிறார்கள். ஒவ்வொரு ஒலியும் தன்னைத் தானே சீராக்கிக்கொள்வதால், ஒருவரின் மற்ற உயிர்கள் கையில் இல்லாவிட்டாலும் கணக்கு நடக்கும். மேலே சொன்ன விடுபட்ட உயிர்ச் சிக்கல் இங்கே எழாது. ஆனால் F3 சரியாக அளக்கப்பட்டிருக்க வேண்டும், குழந்தைகளிடம் அதுதான் கடினம். பேச்சாளர் வேறுபாட்டை நீக்குவதிலும் மேலே சொன்ன இரண்டும் பொதுவாக இதைவிட நன்றாகச் செய்கின்றன. ஒரு பேச்சாளரிடம் ஓரிரு உயிர்களே கிடைத்திருக்கின்றன என்ற நிலையில் மட்டும் நான் இதை எடுப்பேன்.

சீராக்கிவிட்டால் ஆண் பெண் வேறுபாடே போய்விடுமே! பெண்கள் வேறு மாதிரி உச்சரிக்கிறார்கள் என்றால் எப்படித் தெரியும்?

உடலால் வரும் வேறுபாடும் பழக்கத்தால் வரும் வேறுபாடும் ஒரே எண்ணுக்குள் கலந்திருப்பதால்தான் இது கடினம். பருவம் அடையாத சிறுவர் சிறுமியருக்குக் குழாயில் பெரிய வேறுபாடு இல்லை. இருந்தும் அவர்களின் ஃபார்மன்ட்களில் ஆண் பெண் வேறுபாடு தெரிவதுண்டு. உதட்டை விரித்துப் பேசினால் குழாய் குறுகி ஃபார்மன்ட் ஏறும், குவித்தால் நீண்டு இறங்கும். அப்படிப் பேசப் பழகுவதையும் பிள்ளைகள் சுற்றியுள்ளவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

எல்லா உயிர்களையும் ஒரே மாதிரி ஏற்றும் பழக்கம் என்றால் எந்தச் சீராக்கமும் அதை உடல் வேறுபாடாக எண்ணித் துடைத்துவிடும். அதை மீட்க முடியாது. ஆனால் ஒரு உயிர் மட்டும் நகர்ந்திருந்தால் அது தங்கும். எடுத்துக்காட்டாக, ஒரு ஊர்ப் பெண்கள் 'ஊ'வை மட்டும் முன்னே சொல்கிறார்கள் என்றால், சீராக்கிய பிறகும் அந்த 'ஊ' முன்னே நிற்கும். அதோடு ஒரு பக்க விளைவும் உண்டு: முன்னே வந்த 'ஊ' F2 சராசரியைத் தன்பக்கம் இழுப்பதால், நகராத மற்ற உயிர்கள் சற்றே பின்னே போனதாகத் தெரியும். ஒரு உயிர் நிறைய ஒரு பக்கமும், மற்றவை எல்லாம் கொஞ்சம் எதிர்ப்பக்கமும் நகர்ந்திருந்தால், அந்தக் 'கொஞ்சத்தை' நம்பாதீர்கள். நகர்ந்ததாகச் சந்தேகிக்கும் உயிரை விட்டுவிட்டு, மீதியை வைத்தே நடுவையும் பரவலையும் கணக்கிட்டுப் பாருங்கள். அப்போது மற்றவை தங்கள் இடத்துக்குத் திரும்பினால், நகர்ந்தது அந்த ஒன்றுதான்.

ஒரே குழந்தையை மூன்று வயதிலும் ஆறு வயதிலும் பதிவு செய்திருக்கிறேன். ஒரே பேச்சாளர்தானே, சீராக்க வேண்டியதில்லையே?

கட்டாயம் வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் குழாய் வளர்ந்திருக்கிறது. எதையும் புதிதாகக் கற்காவிட்டாலும் எல்லா ஃபார்மன்ட்களும் இறங்கியிருக்கும். இரண்டு பதிவுகளையும் இரண்டு வேறு பேச்சாளர்களாக எண்ணி, `speaker` நெடுவரிசையில் தனித்தனிப் பெயர் கொடுத்துச் சீராக்குங்கள். ஒரே பெயரில் விட்டால் நிரல் இரண்டு வயதையும் கலந்து ஒரு நடுவைக் காணும். மூன்று வயதின் ஒலிகள் எல்லாம் ஒரு பக்கமும் ஆறு வயதின் ஒலிகள் மறுபக்கமும் ஒதுங்கி நிற்கும்.

மூன்று வயதில் குழந்தை இன்னும் எல்லா உயிர்களையும் பிரித்துச் சொல்லப் பழகியிருக்காது. பரப்பு எப்படி விரிகிறது என்பதே உங்கள் கேள்வியாகவும் இருக்கலாம். அதனால் இங்கே மடக்கைச் சராசரி முறையைப் பயன்படுத்துங்கள். இரண்டு பதிவுகளிலும் கிடைத்த பொதுவான உயிர்களை மட்டும் வைத்து அந்தச் சராசரியைக் காணுங்கள். ஹெர்ட்ஸில் உள்ள மூல எண்களையும் அட்டவணையாகக் கூடவே கொடுங்கள். அடுத்து வருபவர் வேறொரு முறையில் போட்டுப் பார்க்க விரும்பினால் அவருக்குத் தேவைப்படுவது அந்த எண்கள்தான்.